பதினோராவது அம்பு

நான் எண்ணாமல் நம்பியது என் வாழ்க்கையில் ஒருமுறைதான். எண்பத்தோரு நாள் எப்படி எழுபத்தைந்து ஆனது என்பதை அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

நம்பியது ஒரு நண்பனை. பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருடம் என்னோடு ஒரே ஜீப்பில் போய்வந்தவன் அவன். ஓய்வுக்குப் பிறகு தஞ்சாவூரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை மேற்பார்வைக்குச் சேர்ந்திருந்தான். மன்னார்குடிக்குத் தெற்கே, எங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் வாய்க்காலின் மூன்று கண் மதகை இடித்துக் கட்ட வேண்டும். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு எழுபத்தைந்து நாள் இருந்தது.

"நாள் கணக்கு நீதான்யா போடணும். உன்ன மாதிரி எதையும் ரெண்டு தடவ எண்ணிப் பாக்குற நச்சு புடிச்சவன் எங்க கிடைப்பான்?" என்று போனில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒரு பெரிய தாளில் பத்து வட்டம் போட்டேன். ஒவ்வொன்றும் ஒரு வேலை, உள்ளே அதற்கான நாள். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாமோ, அதிலிருந்து இதற்கு ஓர் அம்பு. மொத்தம் பதினோரு அம்பு. எந்த அம்பைப் பிடித்துக்கொண்டு போனாலும் கிளம்பின வட்டத்துக்கே திரும்பி வரக்கூடாது. வந்தால் அந்த வேலை ஒருநாளும் தொடங்காது. அப்படி இல்லாவிட்டால் கணக்கு சுலபம். முதல் வட்டத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும். ஒரு வட்டத்துக்குள் இரண்டு அம்பு வந்தால், இரண்டில் எது தாமதமாக முடிகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி வட்டத்தில் நிற்கும் எண்தான் இருக்கிற பாதைகளிலேயே நீளமானது. அதற்குக் குறைந்து வேலை முடியாது. மற்ற பாதையில் எவ்வளவு வேகம் காட்டினாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது.

தண்ணீரைத் தடுத்து மண்கரை போட்டுப் பழைய மதகை இடிக்கப் பன்னிரண்டு. அடித்தளம் பதினான்கு. தூண்கள் பதினெட்டு. கான்கிரீட் இறுகி, வார்ப்புப் பலகை பிரிக்க ஏழு. ஆக ஐம்பத்தொன்று. அங்கிருந்து இரண்டு கிளை. ஒன்றில் தூண்களுக்கு மேல் நடைமேடை, பதினைந்து நாள். மற்றதில், கதவு இறங்குவதற்காகத் தூணில் விட்டிருக்கும் பள்ளமான காடியை நாடா வைத்து அளக்க ஒரு நாள், அந்த அளவுக்குப் பட்டறையில் இரும்புக் கதவு செய்ய இருபது. இரண்டு கிளையும் சேரும் இடத்தில் கதவு பொருத்த ஐந்து. சோதனை பார்த்து, மண்கரையை வெட்டித் தண்ணீர் விட நான்கு. மதகுக்குக் கீழே போடும் தளம் பதினாறு நாள். அது அடித்தளத்துக்குப் பிறகு ஓரமாக நடந்து எப்போதோ முடிந்துவிடும்.

நீளமான பாதை கதவு வழியாகப் போனது. எண்பத்தொன்று. ஆறு நாள் அதிகம்.

"பட்டறையில ரெண்டு ஷிஃப்ட் ஓட்டச் சொல்லு. இருபது பதினாலாகும். அதுக்கு மேல குறைச்சுப் பிரயோஜனம் இல்ல, அப்புறம் நடைமேடைப் பாதையும் அதே நீளம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "ரெண்டு ஷிஃப்டுக்கு ஒத்துக்கிட்டான்யா. எழுபத்தஞ்சு. கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா தூங்கு." பதினான்கு என்று திருத்தின படத்தோடு முகப்புத் தாளில் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். நிலத்தடி நீர் உப்பு. குளத்துத் தண்ணீரில் நாற்றங்கால் விடலாம், நடவுக்குக் காணாது. அடுத்த தெருவில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வைத்திருக்கும் அம்மா ஒருத்தி. அவள் அப்பா கூலிக்கு நட்ட நிலத்தை வாங்கிக் குறுவை போடுகிறவள். தினமும் என் வாசலில் நின்று, "அண்ணே, இன்னிக்கி எத்தனை?" என்பாள். அன்று வேலையின் எத்தனையாவது நாள் என்று சொல்வேன். "எழுபத்தஞ்சுல தண்ணி வரும்னா, அம்பதுல விதைக்கட்டுமா? நாத்து இருபத்தஞ்சு நாளு."

"விதை. என் கணக்கு."

ஐம்பதாம் நாள் விதைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் பதினாறு பேர் விதைத்தார்கள்.

ஐம்பத்திரண்டாம் நாள், அளவு எடுக்கும் நாள். நாடாவை நானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதகுக்குப் போனேன். ஒரு லாரி நின்றது. அதிலிருந்து மூன்று கதவுகளைச் சிவப்பு பெயின்ட் பளபளக்க இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று எடுக்க வேண்டிய அளவுக்கு, முன்பே செய்து முடித்த கதவுகள். தாளில் அப்படி ஒன்று நடக்கவே முடியாது.

"என்னய்யா முழிக்கிற? சீக்கிரம் வந்துடுச்சேன்னு சந்தோஷப்படு" என்றான், மேற்பார்வைக்கு நின்றிருந்த அவன்.

"எந்த அளவுல செஞ்சாங்க?"

"டிராயிங்ல அளவு இல்லியா? ஒப்புதல் வாங்கின டிராயிங்."

"தூணு டிராயிங்கப் பாத்தா நிக்குது? பலகை ஒரு விரக்கடை நகர்ந்தா? நம்ம சர்வீஸ்ல எத்தனை மதகு, ஒருதடவையாவது அளக்காமக் கதவு வெட்டியிருக்கோமா?"

கொட்டகையில் மாட்டியிருந்த ஒப்புதல் படத்தின் முன்னால் போய் நின்றேன். மேலே என் கையெழுத்துத் தாள். கீழே, நான் கொடுத்த படத்துக்குப் பதிலாக, புதிதாக வரைந்த படம். அம்புகளை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்து. அளவெடுக்கும் வட்டத்திலிருந்து கதவு வட்டத்துக்குப் போகும் அம்பு இல்லை. அளவெடுப்பது எங்கும் போகாமல் தனியே தொங்கியது. கதவு வட்டத்துக்குள் எந்த அம்பும் வரவில்லை, முதல் நாளே தொடங்கலாம் என்று ஆகியிருந்தது. அதில் பதினான்கு இல்லை, பழைய இருபது. நீளமான பாதை நடைமேடை வழியாகப் போய்ச் சரியாக எழுபத்தைந்தில் நின்றது.

"ரெண்டு ஷிஃப்ட்டுன்னு சொன்னியே?"

"அவன் முடியாதுன்னுட்டான். எழுபத்தஞ்சு இல்லேன்னா வேலை கைவிட்டுப் போயிரும். ஒரு கோடுதான்யா அழிச்சேன். உன்கிட்ட சொன்னா அழிக்க விடுவியா?"

நாடாவை நீட்டினேன். முதல் கண் சரி. இரண்டாவது கண் டிராயிங் அளவைவிடப் பதினெட்டு மில்லிமீட்டர் குறுகல். மூன்றாவது இருபத்தைந்து. இரண்டு கதவும் காடிக்குள் இறங்காது. பட்டறைக்கே திரும்பின. அங்கே மேசையில் வேறு யாருடைய வேலையோ ஏறியிருந்தது. அது முடிந்து, இதை வெட்டி ஒட்டித் தர இருபத்தைந்து நாள் கேட்டார்கள்.

ஐம்பத்திரண்டும் இருபத்தைந்தும் எழுபத்தேழு. பொருத்த ஐந்து, சோதனைக்கும் கரை வெட்டவும் நான்கு. எண்பத்தாறு. உண்மையை ஒத்துக்கொண்டு ஒரே ஷிஃப்டில் செய்திருந்தால் எண்பத்தொன்று. அந்தக் கோட்டை அழித்ததற்கு மேலும் ஐந்து நாள்.

அன்று மாலை அவள் வாசலில் நின்றாள். "அண்ணே, எத்தனை?"

"எண்பத்தாறு."

"இன்னிக்கி எத்தனைன்னு கேட்டேன்."

"இன்னிக்கி ஐம்பத்திரண்டு. தண்ணி எண்பத்தாறுல."

விரலை மடக்கி எண்ணினாள். "நாத்து முப்பத்தாறு நாளா நிக்கும். கணு விட்டுரும்ண்ணே. எங்கேந்து தூர் கட்டும்?" பிறகு, "நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

அவன் அழித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால், ஒப்புதலான படத்தை ஒருமுறை வாங்கிப் பதினோரு அம்பை எண்ண எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. முப்பத்தோரு வருட ஜீப்பை நம்பி எண்ணாமல் விட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நான் எடுக்கமாட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

"ஆமா" என்றேன்.

எண்பத்தாறாம் நாள் கரையை வெட்டினார்கள். முற்றின நாற்று கிளை விடாது என்பதால், குத்துக்கு இரண்டு மூன்று வைக்கும் இடத்தில் ஆறு ஏழாக நெருக்கி வைத்து அவள் ஆறு மாவும் நட்டாள். அவன் மூன்று தடவை போன் செய்தான். நான் எடுக்கவில்லை.

அடுத்த குறுவைக்கும் என் வாசல் வழியாகத்தான் அவள் போனாள். எத்தனை என்று கேட்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே விதைத்தாள்.