முப்பது சதுர அடி கர்ட்டன்

முப்பத்தோரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் குற்றாலத்து வீட்டில் சீசனுக்கு வாடகைக்கு விடக் கட்டிய மாடி அறைக்கு, கர்ட்டன் துணி எவ்வளவு வேண்டும் என்று யாரையும் கேட்பது என் தகுதிக்குக் குறைவாகப் பட்டது.

ஜன்னல் ஆறடி அகலம், ஐந்தடி உயரம். முப்பது சதுர அடி. துணியின் அகலம் நாலடி. முப்பதை நாலால் வகுத்தால் ஏழரை அடி. நான் தாராளமானவன், தென்காசியில் இரண்டரை மீட்டராக வாங்கினேன். "இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. கணக்கு தெரியாதவள் என்று மன்னித்தேன்.

மறுநாள் துணியைத் தையல்கடை அக்காவிடம் கொடுத்தேன். கர்ட்டன் மட்டும்தான் தைப்பார். துணியை விரித்துப் பார்த்தார்.

"சார், இது ஜன்னலுக்கா? இல்ல ஜன்னல்ல காயப்போடவா?"

என் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளிடம் நான் காட்டியிராத பொறுமை.

"சுவத்துல போஸ்டரா ஒட்டுதீங்க? கர்ட்டன்னா சுருக்கம் விழணும்லா. ஜன்னல் ஆறடின்னா கம்பி ரெண்டு பக்கமும் நாலு இஞ்ச் தள்ளி, எம்பது இஞ்ச். அதுக்கு ரெண்டு மடங்கு துணி, நூத்தி அறுவது. ஓரம் மடிக்க, ஒட்டுப்போட இன்னும் பன்னெண்டு. உங்க துணி நாப்பத்தெட்டு இஞ்ச். எத்தனை அகலத் துண்டு வேணும்?"

"மூணு புள்ளி ஐந்து எட்டு," என்றேன்.

"புள்ளிய எங்கன போய் வெட்ட? நாலு."

உயரத்துக்கு வந்தார். ஜன்னலுக்கு மேலே நாலு இஞ்ச், கீழே நாலு இஞ்ச் சேர்த்து இறக்கம் அறுபத்தெட்டு. மேல் மடிப்புக்கு நாலு, கீழ் மடிப்புக்கு ஆறு. ஒரு துண்டு எழுபத்தெட்டு.

"நாலு துண்டு, முந்நூத்திப் பன்னெண்டு இஞ்ச். எட்டு மீட்டர் ஆயிருது. தண்ணி பட்டா சுருங்கும், கூட ஒரு கால் எடுத்துக்கிடுங்க."

தென்காசிக் கடையில் நான் வாங்கிய அந்த நீலத் துணி தீர்ந்திருந்தது. வெட்டிய துணியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். சாம்பல் நிறத்தில் எட்டேகால் மீட்டர் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. நீலத்தை மாடிப்படியில் இருந்த மூன்றடி ஜன்னலுக்கு இரண்டு பாகமாகத் தைத்துத் தந்தார்.

"மாடிப்படிக்குன்னே வாங்கினீங்களோ?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். நம்பியதாக அவளும் நடித்தாள்.

சாம்பல் கர்ட்டன் அருமையாக அமைந்தது, அலை அலையாகச் சுருக்கம். நானே வடிவமைத்தது போலப் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு இரட்டை மடங்கின் தத்துவத்தை அரை மணி நேரம் விளக்கினேன்.

சாரல் தொடங்கியதும் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். ஜன்னல் வழியே மலை தெரிகிறது என்று கர்ட்டனின் இரண்டு பாகத்தையும் முடிச்சுப் போட்டுச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, மூன்று நாளும் அப்படியே இருந்தார்கள்.