தறியை நிறுத்திப் படித்த கட்டுரை

என் தங்கை யமுனா திருப்பதியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். விடுமுறை நாட்களில் சென்னை வார இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுவாள். நடை விறைப்பாக இருக்கிறது என்று இரண்டு கட்டுரைகள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் இனி எழுதுவதில்லை என்றாள்.

அந்த மூன்றாவது கட்டுரை, சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலைகளுக்கு எங்கள் ஊரான நகரியிலிருந்து பஸ்ஸில் போகும் பெண்களைப் பற்றியது. அனுப்பும் முன் சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். எங்கள் விசைத்தறி ஓடினால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. தறியை நிறுத்தினேன். அவள் ஒரு பிரதியைப் படிக்க, இன்னொன்றில் நான் விரல் வைத்துத் தொடர்ந்தேன்.

முதல் வாக்கியத்திலேயே அவளுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. அதை மூன்றாக உடைத்தாள். அடுத்த பத்தியில் நான் குறுக்கிட்டேன்.

"இன்னாம்மா, பேப்பர்ல இல்லாதத படிச்சிக்கினு கீற?"

"எழுதினதத்தான் படிக்கிறேண்ணா."

"'பணி நிமித்தம் பயணம் மேற்கொள்ளும் மகளிர்'னு கீது. நீ 'வேலைக்குப் போற பொம்பளைங்க'ன்ற."

எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கே தெரியாம வாய் மாத்திடுச்சு பாரு. அப்டி மாத்தற எடமெல்லாம் குறிச்சிக்கோண்ணா."

குறித்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாயில் வந்தபடியே திருத்தி மெயிலில் அனுப்பினாள்.

கட்டுரை வெளிவந்ததும் எங்கள் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆசிரியர் ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை. யமுனா அடுத்த கட்டுரையைத் தொடங்கிவிட்டாள்.