ஒரே சான்றிதழ், இரண்டு பெயர்கள்

1. சால்ட் லேக் வீட்டை அம்மாவும் நானும் சரிபாதிப் பங்கில் வாங்கினோம். கடனும் இருவர் பெயரில். தவணையில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது.

2. வருட முடிவில், அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டிக்கு வங்கி ஒரே சான்றிதழ் தந்தது. அதில் இரண்டு பெயர்கள், ஒரு தொகை: ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம்.

3. அதை இருவரும் எடுக்கும் போல்டரில் போட்டு வைத்தேன். அம்மா அச்சிட்டு, கையெழுத்துப் போட்டுத் தன் அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுத்தாள். நான் செக்டர் ஃபைவில் இருக்கும் என் கம்பெனியின் இணையதளத்தில் ஏற்றினேன்.

4. இருவரும் முழுத் தொகையையும் வருமானத்திலிருந்து கழித்தோம். ஒருவருக்கு இரண்டு லட்சம் வரை அனுமதி என்பதால் எந்த மென்பொருளும் தடுக்கவில்லை.

5. எனக்கு மட்டும் வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது.

அதிகமாகக் கழித்திருப்பதாகத் தெரிகிறது, விளக்கவும் என்றது நோட்டீஸ். ஒரு மணி நேரத்தில் பதில் அனுப்பினேன்: "கோரியது சான்றிதழ்படி சரி." சான்றிதழையும் இணைத்தேன். என் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயர் இருந்தது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஆடிட்டருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கேட்டார்: "வட்டி ஒண்ணு. அதை ரெண்டு பேர் முழுசா எப்படிக் கட்டியிருக்க முடியும்?"

ஆளுக்குத் தொண்ணூற்றாறாயிரம்தான் உரிமை. ஆனால் அதை எழுதினால் மீதிப் பாதி அம்மாவுடையது, அவளும் முழுதாகக் கழித்தாள் என்பதும் தெரிந்துவிடும். அம்மா பொதுத்துறை அதிகாரி; ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

"மளிகை லிஸ்டுக்கே நம்பர் போடுவ. இதுல கோட்டை விட்டுட்டியே," என்றாள் அம்மா.

"நீயும்தானே கையெழுத்துப் போட்டே?"

"நீ வச்ச பேப்பர்னு பாக்காம போட்டேன்." பிறகு சொன்னாள்: "முழுசும் எனக்குன்னு எழுதிடேன். உன் பேர்ல ஒண்ணும் வேண்டாம்."

"அதுவும் பொய்தாம்மா."

"ஆபீஸ்ல கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

போய்ப் பார்க்க ஒரு அதிகாரியும் இல்லை. நோட்டீஸில் முகவரி உண்டு, ஆள் இல்லை; பதிலெல்லாம் வரித்துறையின் இணையதளத்தில்தான்.

முதலில் அம்மாவின் கணக்கை முடித்தோம். அவளுக்கு நோட்டீஸ் வராததால், பழைய கணக்கைத் தானாகவே திருத்திப் 'புதுப்பித்த ரிட்டர்ன்' போட வழி இருந்தது. பாதிக் கழிவை விட்டுக்கொடுத்து, வரியும் வட்டியும் அதற்கு மேல் கூடுதல் வரியும் கட்டினாள். மறுநாள் என் திருத்திய பதிலை அனுப்பினேன்: வீட்டுப் பத்திரத்தில் உள்ள என் பங்கு, தவணை போன வங்கிக் கணக்கு, தொண்ணூற்றாறாயிரம் கூடுதலாகக் கழித்தது தவறு என்ற ஒப்புதல்.

முதல் பதிலை அழிக்க முடியாது. தளத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. வருமானத்தைக் குறைத்துக் காட்டியது என்று கொண்டால் அபராதம் அந்த வரியில் பாதி. பொய்யாகக் காட்டியது என்றால் இரண்டு மடங்கு. எதைக் காண்பார்கள் என்று ஆடிட்டர் சொல்ல மறுக்கிறார்.

அம்மா போன மாதம் ஓய்வு பெற்றாள். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் நோட்டீஸுக்கான உத்தரவு இன்னும் வரவில்லை.