யார் யாருக்குக் குறைகிறார்: கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு

வியாழன் காலை கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. விமானத்தில் கொடுத்த சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் வர இதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகியிருந்தது. அங்கிருந்து நான் தங்கவிருந்த வெள்ளவத்தை நாற்பது கிலோமீட்டர். டாக்சிக்கு எட்டாயிரம் இலங்கை ரூபாய் என்றதும் மனம் ஒரு நிமிடம் பதறி, பிறகு கணக்குப் போட்டு அடங்கியது.

நான் புதுச்சேரியில் வீட்டில் வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள். ஸ்பானிஷும் ஓரளவு. இந்த இரண்டு வருடமாக வகுப்பு பாதி வீட்டில், பாதி கணினித் திரையில். திரையில் வரும் மாணவர்களில் ஒருத்தி ஜெனிற்றா. கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி, வயது முப்பத்தாறு, வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. கணவர் அன்ரன் பாரிசில் இருக்கிறார். போன வருடம்தான் கல்யாணம். அவருடன் போய்ச் சேர்வதற்காகப் பிரெஞ்சு படிக்கத் தொடங்கி, மூன்று மாதப் பாடம் முடித்திருந்தாள். "கொழும்புக்கு வந்தா எங்கட வீட்டில சாப்பிடாமப் போகக் கூடாது ரீச்சர்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னால் செய்கிறவள், வந்துவிட்டேன்.

தங்கியது, காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில். தெரு முடியும் இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது டீக் குவளை லேசாக ஆடும். காலி வீதியில் தமிழ்ப் பலகையும் தமிழ்ப் பேச்சும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தாலும், பழக்கடையில் நான் பேசிய தமிழைக் கேட்டு, "அம்மா இந்தியாவோ?" என்று உடனே கேட்டுவிட்டார்கள்.

வெள்ளி, மாலை. ஜெனிற்றாவின் கடைக்குப் போனேன். திரையில் பார்த்ததைவிட உயரம். வாடிக்கையாளர் ஒருவரிடம் சிங்களத்தில் விலை சொல்லி, மேலாளரிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, என்னிடம் தமிழில், "இருங்கோ ரீச்சர், வாறன்" என்றாள். மூன்றும் ஒரே மூச்சில். இவளுக்கு நாலாவது மொழி ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

கடை முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்தபோது முகம் மாறியது.

"நான் வகுப்பை நிப்பாட்டப் போறன் ரீச்சர்."

"ஏம்மா, கஷ்டமா இருக்கா?"

"இல்லை. போக ஏலாதுபோல கிடக்கு."

அன்ரனுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள். பெயர் இனெஸ், பத்து வயது. அவளுடைய அம்மா ஸ்பெயின்காரர். மூன்று வருடத்துக்கு முன் நோயில் இறந்துவிட்டார். பிள்ளைக்குப் பிரெஞ்சு வரும், அம்மாவின் ஸ்பானிஷ் வரும், தமிழ் வராது. அன்ரன் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: பிள்ளை 'ஓம்' என்று சம்மதிக்காமல் ஜெனிற்றாவை அழைப்பதற்கான விண்ணப்பத்தைப் போட மாட்டேன் என்று. ஜெனிற்றாவுக்கு அதில் கோபமில்லை. அப்படிப்பட்ட மனுசன் என்றுதான் கட்டினாளாம். ஆனால் பிள்ளை இப்போது போனுக்கே வருவதில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் வொய்ஸ் அனுப்புறனான். அன்பாத்தான் சொன்னனான். போன கிழமை இவர் சொல்றார், இனிமே அனுப்பாதே, அவளுக்கு எரிச்சலா இருக்கு எண்டு. என்னைப் பிடிக்கேல்லை, வேற என்ன."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு உண்டா இல்லையா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

ஞாயிறு, பத்து மணி. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினேன். ஒன்பது கிலோமீட்டர். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குத் திரீவீல் ஆட்டோ. சாரதி சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைத்தார். தேவாலயத்தில் பூசை முடிந்து வெள்ளை உடுப்பில் வரும் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு இங்க அவசரம் சரிவராது நோனா" என்றார், 'அம்மா' என்பதற்குச் சிங்களத்தில். கோயில் மணியும் தேவாலய மணியும் கலந்து கேட்கும் தெருக்கள். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கூரைகளுக்கு மேல் தெரிந்தன. புதுச்சேரியின் அளந்து போட்ட தெருக்களில் நடந்து பழகிய எனக்கு, இங்கே மூலைக்கு மூலை வழி கேட்க வேண்டியிருந்தது.

ஜெனிற்றா அடுப்படியில் இருந்தாள். மீன் குழம்பு, பிட்டு, தேங்காய்ப்பால் சொதி. "கதிரை தாறன்" என்று நாற்காலி எடுக்கப் போனவளைத் தடுத்துவிட்டு நான் முக்காலியில் உட்கார்ந்து, "பிள்ளைக்கு என்னதான் அனுப்பின, போட்டுக் காட்டு" என்றேன். கையைத் துடைத்துவிட்டுப் போனைத் தட்டினாள். அவள் குரல், மிக இனிமையாக: "ஜெ தெ மாங்க், இனெஸ்." அடுத்த நாளும் அதுவே. அதற்கடுத்த நாளும்.

நான் நெற்றியில் கை வைத்தேன்.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"நானாத்தான் செய்தனான். மிஸ் பண்ணுறதுக்கு டிக்‌ஷனரியில மாங்க்கே எண்டு கிடந்தது. நான் எண்டதுக்கு ஜெ, உன்னை எண்டதுக்கு தெ. ஐ மிஸ் யூ. பிழையோ?"

இலக்கணப்படி ஓரெழுத்துகூடப் பிழையில்லை. அதுதான் வம்பு. ஆங்கிலத்தில் ஏங்குகிறவர் எழுவாய். ஏக்கம் அவர் செய்யும் வேலை. பிரெஞ்சு வினையின் பொருள் ஏங்குவது அல்ல, இல்லாமல் குறைவது. யார் இல்லையோ அவர்தான் எழுவாய். யாருக்கு அந்தக் குறை தெரிகிறதோ அவர் 'எனக்கு', 'உனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் பக்கத்தில் நிற்பார். 'நீ எனக்குக் குறைகிறாய்', அதாவது 'து மெ மாங்க்' என்றால்தான் நீ இல்லாமல் நான் வாடுகிறேன். இவள் சொன்னது, 'நான் உனக்குக் குறைகிறேன்'. பார்த்தேயிராத ஒரு பெண், தாயை இழந்த பிள்ளைக்குத் தினமும் குரல் செய்தி அனுப்பி, 'நான் இல்லாமல் நீ ஏங்குகிறாய்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

சொன்னதும் ஜெனிற்றா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"பிள்ளை எப்பிடிப் பொறுத்தாளோ."

"சொதியை ருசி பாரு" என்றேன்.

"என்ன?"

"பாரு. என்ன குறையுது?"

நாக்கில் விட்டுப் பார்த்தாள். "சொதிக்கு உப்புக் குறையுது."

"சொதி ஏதாவது செய்யுதா? சும்மா கிடக்கு. இல்லாத உப்புதான் எழுவாய். சொதிக்கு, எனக்கு, எல்லாம் ஒரே 'கு'. பசிக்குது, பிடிக்குது, விளங்குது, எல்லாத்துக்கும் 'எனக்கு' போட்டுத்தானே பேசுற? நீ தமிழ்லேருந்து நேரா பிரெஞ்சுக்குப் போயிருந்தா தப்பே வந்திருக்காது. நடுவுல இங்கிலீஷ்ல இறங்கி ஏறியிருக்க."

ஆங்கிலேயருக்குத்தான் அது தலைகீழ். நமக்கு அது சொந்தத் தெரு. இதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

அவள் யோசித்தாள். "ஸ்பானிஷ்ல எப்பிடி?"

அங்கே இரண்டு வழியும் உண்டு என்றேன். 'மெ ஆஸெஸ் ஃபால்த்தா' என்பது பிரெஞ்சு மாதிரி: நீ எனக்குக் குறையை உண்டாக்குகிறாய். 'நீ' என்ற சொல் தனியே வராது. நம் 'வருகிறாய்' போல வினையின் வாலிலேயே இருக்கும். அதில் 'நீ எனக்கு வேண்டும்' என்ற தேவையும் சேர்ந்து ஒலிக்கும். 'தெ எச்சோ தெ மேனோஸ்' என்பது நேர்வழி, ஏங்குகிறவர் எழுவாய். ஸ்பெயினில் வீட்டுக்கு வீடு சொல்வது அது. கடல் தாண்டி அமெரிக்கப் பக்கம் 'தெ எக்ஸ்ட்ரான்யோ' என்பார்கள், அதுவும் நேர்தான்.

"அப்படியே ஸ்பானிஷ்ல சொல்லிடு, பிள்ளை உருகிடும்" என்றேன். என் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருந்தது.

"வேண்டாம் ரீச்சர். அது அவட அம்மா சொன்ன பாஷை. நான் தொடக் கூடாது."

நான் ஸ்பானிஷை அத்தோடு விட்டேன்.

"சரி, அப்ப 'து மெ மாங்க்' சொல்லு."

"அதுவும் இப்ப வேண்டாம். முதல் சொன்னதைத் திருத்தோணும்." நான் எழுதிக்கொடுக்கப் போனேன்; பேனாவும் வேண்டாம், காகிதமும் வேண்டாம் என்றாள். ஒரு வாக்கியத்தை மட்டும் என்னிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நான் திருத்த ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு மணி, பாரிசில் காலை. அன்ரன் போனை எடுத்து, தயங்கி, மகளைக் கூப்பிட்டார். ஜெனிற்றா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

ஜெனிற்றா மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னாள்: "இனெஸ், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். நான் உனக்குக் குறையவில்லை. உன் அம்மாதான் உனக்குக் குறைகிறாள்."

அம்மாவை எழுவாயாக வைத்த அந்த வாக்கியத்தை நான் பிரெஞ்சிலேயே கேட்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே வினையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண் கலங்கியது இதுதான் முதல் தடவை. இல்லாத ஒருத்தியை வாக்கியத்தின் தலையில் உட்கார வைக்கிற மொழி அது.

"ஓம்" என்பதற்கான பிரெஞ்சுச் சொல் வந்தது. பிறகு பிள்ளை கேட்டாள்: "உனக்கு யார் குறைகிறார்கள்?"

ஜெனிற்றா என்னைப் பார்க்கவில்லை. தன் அப்பா என்றாள். கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று தெரிந்த சொற்களில் சொன்னாள். பிள்ளை அவர் பெயரைக் கேட்டாள். எந்தக் கடல் என்று கேட்டாள். அன்ரன் போனை வாங்கும்வரை, ஜெனிற்றாவின் உடைந்த பிரெஞ்சில், இருவரும் இல்லாதவர்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். சொதி ஆறிப்போனது. உப்புப் போட்டுச் சாப்பிட்டோம்.

செவ்வாய் மதியம் புறப்பட்டேன். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஜெனிற்றாவும் டாக்சியில் கட்டுநாயக்கவரை வந்தாள். ஊர் திரும்பும் பயணத்தில் வந்த இடத்தையும் போகும் இடத்தையும் ஒப்பிடுவது என் வழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு பழைய வீடுகளின் சுவர்களிலும் தெருப் பலகைகளிலும் இருக்கிறது. நான் அதைப் பரீட்சைக்காக விற்கிறேன். இங்கே ஒருத்திக்கு அது ஒரு வீட்டின் வாசல். மதிப்பெண் போடுகிற என் கை கொஞ்சம் கூசியது.

நீர்கொழும்பு வீதியில் நெரிசலில் நின்றபோது அவள் போனில் அன்ரனின் குரல் செய்தி வந்தது. என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பிள்ளை விண்ணப்பப் பேப்பரைப் போடச் சொல்லிட்டாள். ஒண்டு மட்டும் சொல்றாள். சாப்பாட்டு மேசையில அவட அம்மாட கதிரை அப்பிடியே இருக்கோணுமாம்."

ஜெனிற்றா தலையாட்டினாள், அவர் எதிரில் இருப்பதுபோல. செய்தி இன்னும் முடியவில்லை.

"நேற்றுப் பின்னேரம் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உனக்கு வேற கதிரை வாங்கியாச்சு."