ஒரு ஆளுக்கு இரண்டு எண்

மூன்று வருஷமாக வெல்டர், ஆலையில் ஆள் சேர்ப்பும் வருகையும் பதியும் அந்த டைம்கீப்பரைக் கரித்துக்கொட்டாத நாள் இல்லை. அக்கா புருஷனை இரண்டு ஆளாக எழுதி வைத்தவன் அவன்தானே.

மச்சான் பாய்லர்காரர். முதல் ஆலையில் எண்பத்தொரு மாசம், அடுத்த ஆலையில் அறுபத்தெட்டு மாசம். ஓய்வூதியத்துக்கு வைப்பு நிதியில் நூற்றிருபது மாசச் சந்தா வேண்டும். நெஞ்சு கெட்டு வேலையை விட்டதும் மனுப் போட்டார். "உங்க கணக்குல அறுபத்தெட்டுதான் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீதி இன்னொரு வைப்பு நிதி எண்ணில் தூங்கியது.

"பொண்டாட்டி ஒருத்தி, வீடு ஒண்ணு, ஆள் மட்டும் ரெண்டாம்டா" என்று சிரிப்பார் மச்சான். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும். இப்போது கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. அவர் போனால் அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது.

வைப்பு நிதி அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த அம்மா, வெல்டர் நீட்டிய இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டாவதுல பிறந்த தேதி ஜனவரி ஒண்ணு. முதல்ல அதைத் திருத்தணும், இல்லேன்னா வேற ஆள்னு கம்ப்யூட்டர் தள்ளிடும். அப்புறம் இணைப்பு மனு. முதல் எண் நிக்கும், ரெண்டாவதை மூடி மாசங்களை இதுல சேர்ப்போம். ஒரு மாசம் ரெண்டுலயும் இருக்கு, அது ஒரு தடவைதான். மொத்தம் நூத்தி நாப்பத்தெட்டு."

"போதும்ல?"

"தாராளமா. ஆனா ரெண்டாவது எண் எப்படி வந்துச்சுன்னு ஆலை எழுதிக் குடுக்கணும். கூட இருந்தவங்க சாட்சியும் வேணும்."

வெல்டர் நேராக இரண்டாவது ஆலைக்குப் போய் டைம்கீப்பரின் மேஜையைத் தட்டினார்.

"யோவ், குருட்டாம்போக்கா எழுதுனியே!"

"பிறப்புச் சான்று கொண்டு வராதவங்களுக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுன்னு போட்டேன், அது என் தப்பு. அதை எழுதித் தர்றேன். ஆனா பழைய எண் இருக்கான்னு கேட்டேனே? 'இல்ல, நான் புதுசு'ன்னு சொன்னது யாரு? பக்கத்துல நின்னது யாருண்ணே?"

வெல்டர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். முதல் ஆலையில் மேஸ்திரியை அறைந்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பியவர் மச்சான். பழைய எண்ணைக் கொடுத்தால் அங்கே விசாரிப்பார்கள் என்று பயம். "பேசாம இரு மச்சான், புதுசுன்னு சொல்லு" என்று காதில் ஓதியவரே வெல்டர்தான்.

வீட்டில் அக்கா தலையணையை நிமிர்த்தி வைத்தார். மச்சான் திருத்த மனுவிலும் இணைப்பு மனுவிலும் கையெழுத்துப் போட்டார். வெல்டர் எழுத வேண்டிய சாட்சித் தாள் வெறுமையாகக் கிடந்தது.

"நான் எழுதினா, உன்னைப் பொய்யன்னு எழுதுற மாதிரி ஆகும் மச்சான்."

"பொய்தானே சொன்னேன்." மூச்சு வாங்கினார். "நீ சொல்லிக் குடுத்ததையும் சேர்த்து எழுது. ஒண்ணையும் மறைக்காத. அப்புறம் அந்த டைம்கீப்பரைத் திட்டாத. நாளைக்குக் காலையில கவுண்டர் திறக்குறதுக்கு முன்னாடி போய் நில்லு."