வெறுந்தரைக்கு எரிந்த விளக்கு

எனக்குக் கோலம் போடத் தெரியாது. மாத்தளையில் நான் கணிதம் படிப்பித்த பாடசாலையில் கோலம் போடும் கணினி விளையாட்டைச் செய்தவனும் நான்தான்.

போர்க்காலம். கொழும்புக்குப் போய்வர சோதனைச் சாவடிகளில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்பதால் லீவிலும் ஊரைவிட்டு நகரமாட்டேன். அந்த ஓய்வில், பாடசாலையின் பழைய கணினிகளில் ஒன்றில் குந்தியிருந்து விளையாட்டை எழுதினேன். திரையில் ஏழுக்கு ஏழாகப் புள்ளிகள். கோலத்தின் இடது பாதி போட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டை அழுத்தினால் கோடு விழும்; மறுபடி அழுத்தினால் அந்தக் கோடு மட்டும் அழியும். பிள்ளைகள் வலது பாதியை முடித்து 'சரிபார்' என்பதை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் மறுபக்கத்தில் சோடி இருக்கிறதா என்று கணினி தேடும். சோடியில்லாத கோடு ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சிவப்பாக்கி, 'சமச்சீர் இல்லை' என்று சொல்லும். எல்லாம் சோடியென்றால் குத்துவிளக்கு எரிந்து, 'மிகச் சரி' என்று வரும்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் போடுவார்களாம். நான் பாராட்டு விழாவுக்கு உடுக்கும் வேட்டியை மனதுக்குள் தேய்த்து வைத்துவிட்டேன்.

அவர் வருவதற்கு முதல் நாள், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பின்னால் நின்று பார்த்தேன். அப்பாவை இழந்து சில மாதமே ஆன பிள்ளை. அவள் 'அழி' பொத்தானை அழுத்தினாள். நான் தந்திருந்த இடது பாதியும் போய்விட்டது. வெறும் புள்ளிகள். பிறகு 'சரிபார்'. குத்துவிளக்கு எரிந்தது. மிகச் சரி.

பிழை எனக்கு உடனே விளங்கியது. கோடே இல்லையென்றால் சோடியில்லாத கோடும் இல்லை. அதனால் என் மேதாவிக் கணினி ஒன்றுமில்லாததற்கும் விளக்கேற்றியது. கணினி அறைக்குப் பொறுப்பான முஸ்லிம் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கெட்டிக்காரி, குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஏன் கோலம் போடவில்லை என்று கேட்டேன்.

"எங்க வீட்ல இன்னும் வருஷம் திரும்பல சேர். கோலம் போடக்கூடாது."

இது வாசல் இல்லையே, திரைதானே என்றேன். நான் படித்த கணிதமெல்லாம் என்னைக் கொண்டுவந்து விட்ட இடம் அது.

"எங்க போட்டாலும் கோலம்தானே சேர். ஆனா எல்லாரும் வெளையாடுறாங்க. நானும் வரணும்னு இருந்துச்சு. வெறுமையா வச்சாலும் சரின்னு சொல்லுச்சு, அதான் தெனம் வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. துக்க வீட்டு வாசல் வெறுமையாகத்தான் இருக்கும் என்பது எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தெரிந்து எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருக்கலாம். நான் கவனிக்காமல் விட்டதல்லவா இவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

பிழையைத் திருத்த ஒரே ஒரு வரி போதும். கோடு எதுவும் இல்லையென்றால் 'பிழை' என்று சொல்ல வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் போனபின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த வரியை எழுதினால் நாளைக்கு அவள் திரையில் 'பிழை' என்று வரும். எழுதாவிட்டால் அதிகாரி கண்டுபிடித்தாலும் பிடிப்பார். என் வேட்டியையும் நினைத்தேன், அதை மறைப்பானேன். டீச்சர் கதவைப் பூட்டச் சாவியோடு வந்து, "என்ன சேர், திருத்தியாச்சா?" என்றார். இல்லை, இப்படியே இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதிகாரி அடுத்த நாள் வந்து உட்கார்ந்த கையோடு 'அழி'யை அழுத்தினார். பிறகு 'சரிபார்'. விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒன்றும் செய்யாதவனுக்கு முழுப் புள்ளி கொடுக்கும் விளையாட்டா என்று கேட்டார். அந்தப் பிள்ளை பக்கத்துக் கணினியில் இருந்தாள். அவள் கதையை அவள் முன்னால் அவிழ்க்க எனக்கு மனமில்லை. "வெறுந்தரையும் சமச்சீர்தான் சேர்" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. பாடசாலை அதிபர் என்னைப் பார்த்த பார்வையை எழுதவே வேண்டாம். விளையாட்டு எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

அவள் தினமும் வந்து, அழித்து, விளக்கை எரியவைத்துவிட்டுப் போனாள். மற்றப் பிள்ளைகள் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, அவள் 'அழி'யைத் தொடாமல் கோலத்தை முடிக்க ஆரம்பித்தாள். நானும் டீச்சரும் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றோம். கடைசியில் அவசரப்பட்டு ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டாள். என் மேதாவிக் கணினி அன்றைக்கென்று ஒழுங்காக வேலை செய்து, கோட்டைச் சிவப்பாக்கிச் 'சமச்சீர் இல்லை' என்றது. நான் ஓரடி முன்னால் வந்துவிட்டேன். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"பொழச்சிருச்சு சேர், தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். அந்த ஒரு கோட்டை மட்டும் அழித்துவிட்டு, திரும்பப் போட்டாள்.