பதினோரு பக்கத்தை நாலு படமாக்கிய கதை

மதராஸில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பை முடித்துப் போடிக்கு வேலைக்கு வந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான். கோபமோ மூக்கு நுனியிலேயே இருக்கும். வகுப்பில் எழுதிய நோட்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். யாராவது கிணற்றடியில் துணி துவைத்தால் போதும், நோட்டில் இருந்ததைப் பக்கம் பக்கமாக ஒப்பிப்பேன். அவர்களும் "சரிங்கய்யா" என்று கேட்டுக்கொண்டு, நான் தெருமுனை திரும்பியதும் மறுபடி துவைப்பார்கள்.

முந்தின வருஷம் ஏலக்காய் பறிப்புக் காலத்தில் மலையில் வாந்திபேதி வந்து, ஏறிப்போன சனத்தில் பலர் திரும்பி இறங்கவில்லை. இந்த வருஷம் ஆட்கள் மலையேறுவதற்குள் ஏதாவது செய்யவேண்டும் என்று என் மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். நான் பிரசங்கம் செய்யத் தயாராக இருந்தேன். அவர் கையமர்த்தி, "உன் பேச்சு வேண்டாம், பலகை வை. எழுத்துத் தெரியாதவன் பார்த்தாலும் விளங்கவேண்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி.

தண்ணீரால் வரும் நோய்களைப் பற்றிய பாடம் என் நோட்டில் பதினோரு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். கிருமி எப்படி இருக்கும், எத்தனை நேரம் உயிரோடு இருக்கும், கிணற்றில் பெர்மாங்கனேட் மருந்து எவ்வளவு போடவேண்டும் என்று நுணுக்கமாக எழுதியிருந்தேன். மலையில் கிணறு கிடையாது, ஓடைதான். ஓடுகிற தண்ணீரில் மருந்தைக் கரைத்தால் நாலு பர்லாங்கு தள்ளிப் போய்விடும். அதனால் அந்தப் பக்கங்களை அடித்தேன். கிருமியின் சங்கதியையும் அடித்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ஓடைக்கு மேலே ஒதுங்காதே, தண்ணீரைக் கொதிக்க வை, அதே பானையில் மூடி ஆற வை, அதைக் குடி, சாப்பிடுமுன் கை கழுவு. அடிக்க அடிக்க எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

சந்தைக்குப் பக்கத்தில் கடைப் பலகை எழுதும் ராவுத்தர் ஒருவர் இருந்தார். என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, வெள்ளைப் பூச்சுப் பூசி, அதில் எண்ணெய்ச் சாயத்தால் வரைவார். நான் எழுதிக் கொடுத்த வாசகத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"'கொதித்த நீரையே பருகுக'வா? எங்க வீட்ல யாரும் பருகுறதில்ல மாப்ளே. குடிக்கத்தான் செய்றோம்."

"சரி, நீங்களே சொல்லுங்க."

"'தண்ணியக் கொதிக்க வச்சுக் குடி.' கணக்கப்பிள்ளை வாசிச்சுச் சொன்னாலும் புரியணும்ல."

அப்படியே எழுதினோம். படத்தில்தான் பாடுபட்டோம். கை கழுவுவதற்கு முதலில் இரண்டு கையை மட்டும் வரைந்தார். சந்தையில் கத்திரிக்காய் விற்கிற அம்மாளிடம் காட்டினேன். "அடப் பாவமே, யாரு கைய வெட்டிப்புட்டாங்க?" என்றாள். முழு ஆளாக வரைந்தோம். ஓடைப் படத்தின் ஓரத்தில் நோயாளி பாயில் படுத்திருப்பதைக் காட்டினால், "குடிச்சுட்டுக் கெடக்கான், இதப் போய் எழுதி மாட்டணுமாக்கும்" என்றார்கள். அவன் குந்தி உட்கார்ந்து வாந்தியெடுக்க, பெண்டாட்டி தலையைப் பிடித்துக்கொள்வதாக மாற்றினோம். பானையில் ஆவி மட்டும் போட்டால் குளிக்கிற வெந்நீர் என்கிறார்கள் என்று, பொங்கிவரும் குமிழிகளையும் போட்டோம். எழுத்துத் தெரியாத ஏழெட்டுப் பேர் பார்த்துச் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த படத்துக்குப் போனோம். அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். அதை ஒருவரும் இல்லையென்று சொல்ல முடியாது.

ஐந்து படம். தகரமோ சின்னது. தலைப்பில் எங்கள் இலாகாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இடம் போதவில்லை.

"எழுத்தைச் சின்னதாப் போட்டுக்கிருவோம் மாப்ளே," என்றார் ராவுத்தர்.

"சின்னதாப் போட்டா எவன் மதிப்பான்? படத்துல ஒண்ணை எடுத்துருங்க. மூடி ஆற வைக்கிறதை எடுங்க."

"அது வேணாமா?"

"கொதிக்கிற தண்ணிய எவனாவது அப்படியே வாயில ஊத்திக்குவானா? ஆறட்டும்னுதான இருப்பான். இதைக்கூடவா சொல்லித் தரணும்?"

அவர் தூரிகையை எடுத்தார். கொதிக்கிற பானைக்கு அடுத்து, ஒரு ஆள் செம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற படம் வந்தது. மொத்தம் நாலு படம். பார்க்க அழகாகவே இருந்தது.

போடிமெட்டுப் பாதையில் கழுதைமேல் பலகைகளை ஏற்றிக்கொண்டு போய், தோட்டம் தோட்டமாக மாட்டினேன். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஒன்று. மேலே ஒரு தோட்டத்தில், தேவாரம் ஊர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் பலகையைப் பார்த்துப் படம் படமாகக் கேள்வி கேட்டாள். முந்தின வருஷப் பேதியில் அவளுடைய தம்பியைப் பறிகொடுத்தவள். புருஷனும் அவளும் அதே தோட்டத்தில் காய் பறித்தார்கள். "இதுல போட்டபடி செஞ்சா வராதா ஐயா?" என்று கேட்டாள்.

"வராது" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவள் அந்த லயத்தையே ஆட்டிவைத்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பச்சைத் தண்ணீரை வாயில் வைத்தவனை வைது தீர்த்திருக்கிறாள். அடுப்புப் பற்றவைக்கச் சோம்பல்பட்ட வீடுகளுக்கு அவளே விறகு கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். டாக்டரம்மா என்று கேலி செய்தார்களாம். கேலி செய்துகொண்டே கொதிக்கவும் வைத்தார்கள்.

பறிப்புத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். அந்த லயத்தில் வாந்திபேதி என்று ஆள் வந்து சொன்னான். இரண்டு பேர் போய்விட்டார்கள், மூன்றாவது ஆள் கிடக்கிறான் என்றான். போன இருவரில் ஒருவன் அவளுடைய புருஷன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது ஆளைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். லயத்து ஆட்கள் அவள்மேல் கடுப்பில் இருந்தார்கள். கங்காணி என் முகத்துக்கு நேரே கேட்டான்: "சுடுதண்ணி சுடுதண்ணின்னு உசிர வாங்குனா. என்னத்தக் கண்டோம்? இனி எவனும் அடுப்பு மூட்ட மாட்டான்யா." கொதிக்க வைப்பதை இவர்கள் விட்டுவிட்டால் லயமே காலியாகும். கொதிக்க வைத்தும் ஏன் வந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஓடைக்கு மேலே போய்ப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஒதுங்குகிற இடத்தைக் கீழ்ச்சரிவுக்கு மாற்றியிருந்தார்கள். மேலே வேறு தோட்டம் இருந்தது. அங்கிருந்து ஓடையில் என்ன கலக்கிறது என்று யார் கண்டது?

அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஏறி வந்த களைப்பு, தண்ணி குடிங்க ஐயா" என்று உள்ளே போனாள். அடுப்பில் பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து செம்பில் பாதி மொண்டாள். பக்கத்துக் குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு, அதில் ஊற்றி விளாவினாள். விரலை வைத்துச் சூடு பார்த்தாள். குடிக்கிற பதம் வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் புத்தி அப்படி.

"யாரு உன்னைக் குடத்துத் தண்ணியை ஊத்தச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அவள் மிரண்டுபோனாள். "ஊத்தாம எப்படி ஐயா குடிக்க? வாய் வெந்துருமே." பிறகு என்னைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கொதிக்கிற பானையைத் தொட்டாள். அடுத்து, குடிக்கிற ஆளைத் தொட்டாள். "கொதிக்க வச்சேன். குடிச்சோம். இதுலதான இருக்கு?"

வெந்நீர் என்றால் விளாவுவார்கள். குளிக்கவும் அப்படித்தான், பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கவும் அப்படித்தான். என் வீட்டிலும் அப்படித்தான். மதராஸ் வாத்தியார் இதைச் சொல்லவில்லை, ஆனால் விளாவுவதற்கு இடமே இல்லாதபடி 'அதே பானையில் மூடி ஆற வை' என்று பாடத்தில் இருந்தது. நான்தான் எடுத்தேன். மேலே பார்த்தேன். இலாகாவின் பெயர் பளிச்சென்று இருந்தது. அந்த லயத்தில் அதைப் படிக்க ஒரு ஆள் கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அழுகையே வந்தது.

அதற்குள் சனம் கூடிவிட்டது. எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. இப்போதே எல்லோருக்கும் விளக்கிச் சொன்னால் லயம் பிழைக்கும். ஆனால் அவள் காதிலும் அது விழும். அவளை மட்டும் அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் அசையவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். கொதித்த தண்ணீரில் குற்றமில்லை, விளாவின பச்சைத் தண்ணீரில்தான் நோய் இருந்தது என்றேன். பானையை இறக்கி, மூடி போட்டு, தானாக ஆறவிட்டுத்தான் குடிக்கவேண்டும், கையையோ குடிக்கிற செம்பையோ பானைக்குள் விடாமல் அகப்பையால் மொள்ளவேண்டும் என்றேன். அதற்கு ஒரு படம் இருந்தது, எங்கள் பெயரைப் பெரிதாக எழுதுவதற்காக நான்தான் அதை எடுக்கச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். கங்காணி தலையைக் குனிந்துகொண்டான். ஒருவரும் என்னை வையவில்லை. வைதிருக்கலாம்.

"தப்பு என்னோடதுதான் தாயி. உன் பேர்ல ஒண்ணும் இல்ல" என்றேன் அவளிடம்.

அவள் கையிலிருந்த செம்பைக் காட்டினாள்.

"அவரு சுடச்சுடத்தான் கேட்டாரு ஐயா. வாய் வெந்துரும்னு நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

செம்பைக் கீழே சாய்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பானையை இறக்கி, மூடி போட்டாள். ஆறுகிற வரைக்கும் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆனது. அவள் அகப்பையால் மொண்டு கொடுத்தாள். குடித்தேன்.